அம்மாவின் பித்தப்பைக் கல்லும் 5,000 ரூபாய் ரூமும்: பாலிசி வைத்திருப்போர் கவனத்துக்கு

போன வருஷம் ஜனவரியில் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தது. லேப்ராஸ்கோப்பி, நாலு நாள் ஆஸ்பத்திரி வாசம். 1,75,000 ரூபாய் பில் வந்தது. கேஷ்லெஸ் பாலிசி இருக்கிறது, கையில் ஒரு பத்தாயிரம் இருந்தால் போதும் என்று நினைத்துப் போனவன், டிஸ்சார்ஜ் அன்று 74,200 ரூபாய் கட்டிவிட்டு வந்தேன். அதில் பாதிக்கு மேல் நான் பாலிசியைச் சரியாகப் படித்திருந்தால் கட்டத் தேவையே இருந்திருக்காது. கம்பெனி பெயரையோ ஆஸ்பத்திரி பெயரையோ எழுதப்போவதில்லை. இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போடப்படுகிறது.

பாலிசி 2021 ஜூனில் எடுத்தது, 3 லட்சத்துக்கு. மூணு வருஷம் கிளைம் எதுவும் இல்லை. 2024 ஜூனில் புதுப்பிக்கும்போது ஏஜென்ட் அண்ணன் வீட்டுக்கு வந்தார். "தம்பி, இன்னைக்கு ஆஸ்பத்திரி விக்கிற விலைக்கு மூணு லட்சம் எந்த மூலைக்கு? அஞ்சாக்கிடுவோம். ரூம் வாடகையும் ஒரு பர்சன்ட் கணக்குல மூவாயிரத்துல இருந்து அஞ்சாயிரமா ஏறிடும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. பிரீமியம் ஏறியது, புது பாலிசித் தாள் வந்தது. காப்பீட்டுத் தொகை 5,00,000 என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே முப்பது நாற்பது பக்கம் பொடி எழுத்து. பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஏழே மாதத்தில் அம்மாவுக்கு வலி. ஸ்கேனில் கல். அட்மிஷன் கவுன்டரில் இருந்த பெண் "என்ன ரூம் சார்?" என்று கேட்டபோது, தெம்பாக "அஞ்சாயிரம் வரைக்கும் எலிஜிபிள், அதுக்குள்ள குடுங்க" என்றேன். சரியாக 5,000 ரூபாய் ஏசி ரூமே கொடுத்தார்கள்.

நாலாம் நாள் மாலை இன்சூரன்ஸ் டெஸ்கில் கூப்பிட்டார்கள். "சார், உங்களுக்கு மூவாயிரம் ரூபாய் ரூம்தான் எலிஜிபிள். நீங்க அஞ்சாயிரம் ரூம்ல இருந்திருக்கீங்க. அதனால அறுபது பர்சன்ட்தான் அப்ரூவ் ஆயிருக்கு."

அந்த ஒரு வாக்கியத்துக்குள் எனக்குத் தெரியாத விஷயங்கள் இரண்டு இருந்தன.

முதலாவது, காத்திருப்புக் காலம். பாலிசி எடுத்த முதல் 30 நாள் விபத்து தவிர வேறு எதற்கும் பணம் கிடையாது என்பது பலருக்கும் தெரியும். அதற்கு மேல், சில நோய்களைப் பட்டியல் போட்டு அவற்றுக்குத் தனியாகக் காத்திருக்க வைப்பார்கள். பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல், ஹெர்னியா, மூலம், கண்புரை, கர்ப்பப்பை நீக்கம், மூட்டு மாற்று போன்றவை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும். எங்கள் பாலிசியில் இவற்றுக்கு 24 மாதம். 2021-ல் எடுத்த பாலிசிதானே, 24 மாதம் எப்போதோ முடிந்துவிட்டதே என்றேன். முடிந்தது 3 லட்சத்துக்கு மட்டும். தொகையை உயர்த்தினால், உயர்த்திய பகுதிக்குக் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து மறுபடி தொடங்கும் என்று அதே பிரிவில் ஒரு வரி இருக்கிறது. பித்தப்பைக் கல்லைப் பொறுத்தவரை 2026 ஜூன் வரை என் அம்மா 3 லட்ச ரூபாய் பாலிசிக்காரர்தான். அதே வாரம் அவர் டெங்கு காய்ச்சலோடு படுத்திருந்தால் 5 லட்சக்காரர், 5,000 ரூபாய் ரூம் தாராளமாக எடுத்திருக்கலாம். ஒரே ஆள், ஒரே பாலிசி, நோயைப் பொறுத்து ரூம் மாறுகிறது. இதைக் கண்டுபிடித்தவருக்கு நல்ல மூளை.

பாலிசி எடுக்கும் முன்பே இருந்த சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கான காத்திருப்புக்கும் இதே விதிதான். அந்தக் காலம் 36 மாதத்தைத் தாண்டக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் குறைத்திருக்கிறது. முன்பு 48 மாதம் வரை இருந்தது. ஆனால் தொகையை உயர்த்தினால் உயர்த்திய பகுதிக்கு அதுவும் புதிதாகத்தான் ஓடும்.

இரண்டாவது, உள்வரம்பு. மொத்தக் காப்பீட்டுத் தொகைக்குள்ளேயே சில செலவுகளுக்குத் தனியாகப் போடும் உச்சவரம்பு அது. எங்கள் பாலிசியில் ஒரு நாள் ரூம் வாடகைக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம்தான். 3 லட்சத்தில் ஒரு சதவீதம் 3,000. சரி, ரூம் வாடகையில் நாளைக்கு 2,000 அதிகம், நாலு நாளைக்கு 8,000 ரூபாய் நான் கட்ட வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். என்னைப் போலத்தான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தகுதியான வாடகையை எடுத்த ரூமின் வாடகையால் வகுக்கிறார்கள். மூவாயிரத்தை ஐயாயிரத்தால் வகுத்தால் 60 சதவீதம். அந்த 60 சதவீதத்தை ரூமுக்கு மட்டுமல்ல, மற்றச் செலவுகளுக்கும் போட்டு வெட்டுகிறார்கள். விகிதாசாரக் கழிவு என்று பெயர். பெரிய ரூம் எடுத்தால் சர்ஜன் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாமே ஆஸ்பத்திரியில் கூடும், அந்தக் கூடுதலை நாங்கள் ஏன் தர வேண்டும் என்பது கம்பெனியின் வாதம்.

எங்கள் பில்லில் அது வேலை செய்த விதம் இது. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ் 70,000. அதில் 28,000 வெட்டு. தியேட்டர் 25,000-இல் 10,000 போனது. டாக்டர் விசிட் 6,000-இல் 2,400. ரூமில் 8,000. மருந்து, மாத்திரை, சாமான்கள் 32,000-இல் 12,800. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் 15,000-இல் 6,000. மீதி 7,000 ரூபாய் கையுறை, பதிவுக் கட்டணம் போன்ற, எந்த பாலிசியிலும் சாதாரணமாகக் கிடைக்காத இனங்கள். அதை விடுங்கள். மொத்தம் 74,200.

அன்று இரவு பணத்தைக் கட்டி அம்மாவைக் கூட்டி வந்துவிட்டேன். ஏஜென்ட் அண்ணனுக்கு போன் போட்டால், "அதெல்லாம் பாலிசில இருக்கே தம்பி" என்றார். இருக்கத்தான் இருந்தது. எனக்கும் அன்றைக்குத்தான் பீரோ ஞாபகம் வந்தது.

ஒரு வாரம் கழித்து உட்கார்ந்து படித்தபோது கம்பெனி செய்த தவறு ஒன்று கண்ணில் பட்டது. விகிதாசாரக் கழிவை எதன்மேல் போடலாம், எதன்மேல் போடக் கூடாது என்று ஆணையம் 2020-லேயே சொல்லியிருக்கிறது. மருந்து, சாமான்கள், உடலுக்குள் வைக்கும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றின் விலையில் இந்த வெட்டு விழக் கூடாது. ஐசியூ கட்டணத்திலும் கூடாது. ஒரு பாரசிட்டமால் மூவாயிரம் ரூபாய் ரூமிலும் அதே விலைதான் என்பதே காரணம். ரூமைப் பொறுத்து கட்டணம் மாறாத ஆஸ்பத்திரி என்றால் விகிதாசாரக் கழிவே போடக் கூடாது. நாங்கள் போன ஆஸ்பத்திரியில் மாறும். பில்லிங்கில் கேட்டு உறுதிசெய்துகொண்டேன், அதனால் அந்த வழி எனக்கு அடைத்துவிட்டது.

ஆனால் மருந்திலும் பரிசோதனையிலும் வெட்டிய 12,800, 6,000 இரண்டையும் கேட்டு, கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மெயில் எழுதினேன். முதல் பதில் "பாலிசி விதிகளின்படி தீர்வு செய்யப்பட்டது" என்று ஒரு வரி. இரண்டாவது மெயிலில் அவர்களுடைய பாலிசியிலேயே அந்த விலக்கு இருக்கும் பக்க எண்ணைக் குறிப்பிட்டு, ஒரு மாதத்துக்குள் சரியான பதில் வராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்று எழுதினேன். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, கம்பெனி கைவிரித்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். போக வேண்டிய அவசியம் வரவில்லை. மூணாவது வாரம் 18,800 ரூபாய் அக்கவுன்ட்டில் வந்தது. மன்னிப்பு, விளக்கம் எதுவும் இல்லை. நான் கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

மீதி 55,400. அதில் அந்த 7,000 எப்படியும் போயிருக்கும். 48,400 ரூபாய், ரூம் விஷயத்தில் மட்டும் கைவிட்டுப் போன காசு. அந்த ஏசியில் அம்மா போர்வையை இழுத்து மூடிக்கொண்டுதான் படுத்திருந்தார்.

இதில் என்னை இன்னும் உறுத்துவது வேறு. அட்மிட் ஆன அன்றே இன்சூரன்ஸ் கம்பெனி ஆஸ்பத்திரிக்கு ஒரு முன் அனுமதிக் கடிதம் அனுப்புகிறது. தகுதியான ரூம் வாடகை எவ்வளவு என்று அதில் தெளிவாக எழுதியிருக்கும். எங்கள் கடிதத்திலும் "நாளொன்றுக்கு ரூ.3,000" என்று இருந்தது. டிஸ்சார்ஜுக்குப் பிறகு நகல் கேட்டு வாங்கியபோதுதான் பார்த்தேன். டெஸ்கில் இருந்தவர்கள் அதை எங்களிடம் காட்டவே இல்லை. கேட்டிருந்தால் அன்று மாலையே ரூமை மாற்றியிருப்பேன். யாரையாவது கேஷ்லெஸ்ஸில் சேர்த்தால், முதல் அனுமதிக் கடிதத்தின் நகலை அன்றே கையில் வாங்குங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகு பெட்டியைப் பிரியுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே பார்க்க நினைப்பவர்கள், பாலிசி பிடிஎஃப்பில் Excl02 என்று தேடுங்கள். குறிப்பிட்ட நோய்களுக்கான காத்திருப்பு எல்லாக் கம்பெனியிலும் அந்தக் குறியீட்டில்தான் இருக்கும். Excl01 ஏற்கெனவே இருந்த நோய்கள், Excl03 முதல் 30 நாள். Excl04 என்பது பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆவது. எங்கள் தெருவில் ஒருவர் "இன்சூரன்ஸ் இருக்கே" என்று ரெண்டு நாள் படுத்து எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டு, முழு பில்லையும் தானே கட்டியது இந்த நாலாம் எண்ணால்தான். உள்வரம்புகளுக்கு இப்படிக் குறியீடு இல்லை. பலன்கள் அட்டவணையில் ரூம் வாடகை, கண்புரை என்று எழுதி எதிரே தொகை போட்டிருப்பார்கள். பாலிசியோடு வாடிக்கையாளர் தகவல் தாள் என்று சில பக்கம் வரும், அதிலும் இவை சுருக்கமாக இருக்கும். தமிழில் வேண்டும் என்று கேட்டால் தமிழில் தர வேண்டும் என்பது விதி. நான் இந்த முறை கேட்டு வாங்கினேன்.

பாலிசியை இப்போதும் புதுப்பித்துத்தான் வருகிறேன். இடையில் விட்டால் ஓடிய காத்திருப்பெல்லாம் வீணாகிவிடும். உறையின் மேல் சிவப்பு மையில் "2026 ஜூன் வரை ரூம் 3,000" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் வரக் கூடாதுங்கிறியா?" என்று கேட்டார்.