உருகி அடைக்கும் படலம்: ஒற்றை அடுக்கா, மூன்றடுக்கா, பீங்கான் பூச்சா?

திருமங்கலத்தில் மின் ஸ்கூட்டர்களுக்கு பேட்டரி பேக் கட்டும் பட்டறை தொடங்கவிருக்கும் என் அக்கா மகன், மூன்று வகை லித்தியம் அயனி செல்களின் விவரத்தாள்களைக் கொண்டுவந்து காட்டினான். விலை, கொள்ளளவு, எத்தனை முறை சார்ஜ் தாங்கும் என்பதையெல்லாம் கோடிட்டு ஒப்பிட்டிருந்தவன், செபரேட்டர் பற்றிய வரியை மட்டும் தாண்டிப் போயிருந்தான். "பி.எம்.எஸ். போடத்தானே போறோம் மாமா, உள்ள எந்த பிலிம் இருந்தா என்ன?" என்று கேட்டான். பி.எம்.எஸ். என்பது செல்களைக் கண்காணித்து, ஆபத்து நேர்ந்தால் சுற்றைத் துண்டிக்கும் மின்னணுப் பலகை. அவனுக்குச் சொன்னதையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

செபரேட்டர் என்பது நேர்மின்வாய்க்கும் எதிர்மின்வாய்க்கும் நடுவில் சுற்றப்படும், பெரும்பாலும் 10 முதல் 25 மைக்ரான் தடிமனுள்ள நுண்துளைப் பிளாஸ்டிக் படலமாகும். இட்லித் துணி ஆவியை விட்டு மாவைத் தாங்குவதுபோல, இது செல்லுக்குள் உள்ள எலக்ட்ரோலைட் என்னும் திரவத்தில் மிதக்கும் லித்தியம் அயனிகளுக்கு வழிவிட்டு, இரு மின்வாய்களும் ஒன்றையொன்று தொடாமல் காக்கிறது. செல் அளவுக்கு மீறிச் சூடேறினால் படலம் இளகித் துளைகள் மூடிக்கொள்கின்றன. அயனி ஓட்டம் நின்று, செல்லின் உள்மின்தடை ஆயிரம் மடங்கு வரைகூட உயர்கிறது. இதுவே ஷட்டவுன். ஆறிய பின்னும் துளைகள் திறப்பதில்லை என்பதால் அந்த செல்லின் ஆயுள் அத்துடன் முடிந்துவிடும்.

முதல் வகை பாலிஎத்திலீன் ஒற்றை அடுக்கு. சுமார் 130 டிகிரி செல்சியஸில் இது துளைகளை மூடுகிறது. ஆனால் மூடிய பொருளேதான் சுவராகவும் நிற்க வேண்டியிருப்பதால், மேலும் 15, 20 டிகிரி ஏறினால் சுருங்கியும் கிழிந்தும் மின்வாய்களைத் தொடவிட்டுவிடும். இரண்டாம் வகையில் பாலிஎத்திலீன் நடுவிலும் பாலிபுரோப்பிலீன் இருபுறமும் இருக்கும். நடு அடுக்கு 130 டிகிரியை ஒட்டி உருகி அடைக்க, வெளியடுக்குகள் சுமார் 160 டிகிரி வரை உருகாமல் நிற்கின்றன. மூன்றாம் வகையில் பாலிஎத்திலீன் படலத்தின் மேல் அலுமினா போன்ற பீங்கான் துகள்கள் சில மைக்ரான் கனத்தில் பூசப்பட்டிருக்கும். அடைப்பது பாலிஎத்திலீன், சுருங்கவிடாமல் பிடித்து நிறுத்துவது பூச்சு.

மூடும் வெப்பநிலைக்கும் சிதையும் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளி ஏன் முக்கியம் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 2.5 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள, 18650 எனப்படும் உருளை வடிவ செல்லில் ஏறத்தாழ 9 வாட் மணி, அதாவது 32,400 ஜூல் ஆற்றல் உண்டு. செல்லின் எடை 45 கிராம். ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ ஒரு ஜூல் வேண்டும். மதுரையின் மே மாத 40 டிகிரியில் தொடங்கி 130 டிகிரியை எட்ட 4,050 ஜூல் போதும். ஷார்ட் ஆன செல்லில் எட்டில் ஒரு பங்கு ஆற்றல் உள்ளேயே வெப்பமானால் ஷட்டவுன் நிலை வந்துவிடும். அதன் பின் ஒற்றை அடுக்குக்கு மிஞ்சியிருப்பது 15 டிகிரி, அதாவது 675 ஜூல். மூன்றடுக்குக்கு 30 டிகிரி, 1,350 ஜூல். மின்னோட்டம் நின்றதும் வெப்பம் நின்றுவிடாது; அந்த நேரத்தில் எதிர்மின்வாய் எலக்ட்ரோலைட்டோடு வினைபுரிந்து தானாகச் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டைச் செல் வெளியே தள்ளும்வரை படலம் தாக்குப்பிடிக்க வேண்டும். (வெயிலே ஷட்டவுனைக் கொண்டுவந்துவிடும் என்று அஞ்சத் தேவையில்லை, வெயில் செல்லை மூப்படையச் செய்யும், அவ்வளவே.)

மூன்றடுக்குக்கும் ஒரு குறை உண்டு. ஒரே திசையில் இழுத்துச் செய்யப்படுவதால், குறுக்கு வாட்டத்தில் இழுபட்டால் எளிதில் பிளக்கும். வெளியடுக்கு உருகும் முன்பே இழுத்த திசையில் சுருங்கவும் செய்யும். பீங்கான் பூச்சில் இந்தச் சுருக்கம் குறைவு. ஆகவே நான் முதலில் தேர்வது அதையே. ஆனால் "பீங்கான் பூசியது" என்ற சொல்லை மட்டும் நம்பக் கூடாது: அடிப்படலம் பாலிபுரோப்பிலீனாக இருந்தால் 130 டிகிரியில் எதுவும் மூடாது. அடிப்படலம் எது என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

மருமகன் கேட்ட பி.எம்.எஸ். கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பதின்மூன்று செல்கள் தொடராக உள்ள 48 வோல்ட் பேக்கில் ஷார்ட் ஏற்பட்டு ஒரு செல் மட்டும் முதலில் மூடிக்கொண்டால், மற்ற பன்னிரண்டின் மின்னழுத்தமும் அந்த மெல்லிய படலத்தின் மேல் விழுந்து அதை ஊடுருவிவிடக்கூடும். அதற்கு முன்பே சுற்றைத் துண்டிப்பது பி.எம்.எஸ்.ஸும் பியூஸும்தான். அதே சமயம், செல்லுக்குள் சிக்கிய உலோகத் துகளால் நேரும் ஷார்ட்டை பி.எம்.எஸ். நிறுத்த முடியாது, அங்கே சூடு ஒரு புள்ளியில் குவிவதால் ஷட்டவுனும் பெரும்பாலும் பிந்திவிடும், சுருங்காத படலம் மட்டுமே ஓட்டை விரியாமல் தடுக்கும்.

பழுதுக்கு வரும் பேக்கில் ஒரு செல் மல்டிமீட்டரில் 3.6 வோல்ட் காட்டி, சிறு பல்பை இணைத்தவுடன் சுழியத்துக்கு விழுந்தால், துளைகள் மூடியிருக்க வாய்ப்புண்டு. தொடக்கத்திலேயே சுழியம் காட்டினால், செல்லின் மூடியில் இருக்கும், உள்ளே அழுத்தம் ஏறினால் இணைப்பை அறுக்கும் அழுத்தத் துண்டிப்பான் திறந்திருக்கலாம். இரண்டில் எதுவானாலும் அதைச் சார்ஜ் ஏற்றி உயிர்ப்பிக்க முயலாமல், தனியே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.