வெறிச்சுப் பாக்குற வலிப்பு: ஃபோக்கலா, ஜெனரலைஸ்டா? ஈஈஜி காட்டுற வித்தியாசம்

கை கால் இழுத்தாத்தான் ஃபிட்ஸ்னு நிறைய பேர் நினைச்சுட்டிருக்காங்க. ஆனா நான் ஈஈஜி, அதாவது மூளையோட மின் அலைகள கோடு கோடா பதியுற டெஸ்ட், எடுக்குற வேலையில இருக்கேன், இங்க ரொம்ப குழம்பிப்போய் வர்றவங்க "பேசிட்டே இருக்கும்போது அப்படியே வெறிச்சுப் பாத்துட்டு நின்னுடுதுங்க"ன்னு சொல்றவங்கதான். அந்த வெறிச்ச பார்வை ரெண்டு வேற வலிப்பா இருக்கலாம். ஒண்ணு ஆப்சன்ஸ், மூளையோட ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல பிடிக்கிற ஜெனரலைஸ்ட் வகை. இன்னொண்ணு ஃபோக்கல், பெரும்பாலும் கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல இருக்குற பொட்டுக்கு உள்பக்கம் இருக்குற டெம்போரல் லோபுல ஏதோ ஒரு இடத்துல கிளம்புறது.

ஒரு 7 வயசு பாப்பா, ஸ்கூல்ல கனவு கண்டுட்டே இருக்கான்னு மிஸ் திட்டிட்டே இருந்திருக்காங்க. விடாம ஆழமா மூச்சு விட்டா ஆப்சன்ஸ் கிளம்பும்ங்கறதால, கையில காகிதக் காத்தாடிய குடுத்து 3 நிமிஷம் விடாம ஊதச் சொன்னோம், ரெண்டாவது நிமிஷம் ஊதுறத நிறுத்திட்டா, கண்ணு நிலைச்சுப் போச்சு, ஸ்க்ரீன்ல அதுவரை அமைதியா ஓடிட்டிருந்த எல்லா கோடும் ஒரே நொடியில எகிறி செகண்டுக்கு 3 வீதம் ஒரு கூர்முனை ஒரு அலைன்னு அச்சு வார்த்த மாதிரி வந்துச்சு. அந்த நேரத்துல "மாம்பழம்"னு சொன்னேன். 9 செகண்ட்ல டக்குனு நின்னுச்சு, அவ பாட்டுக்கு திரும்ப ஊத ஆரம்பிச்சுட்டா. என்ன சொன்னேன்னு கேட்டா தெரியல. இதுதான் ஆப்சன்ஸ்.

ஃபோக்கல் இப்படி சுவிட்ச் போட்ட மாதிரி வராது. அடிவயித்துலேர்ந்து ஏதோ மேல எழும்புற மாதிரி இருக்கும்பாங்க, அப்புறம் வாய மெல்லுவாங்க, சட்டை பட்டன நோண்டுவாங்க, ஒண்ணு ரெண்டு நிமிஷம் போகும், முடிஞ்சும் கொஞ்ச நேரம் தெளிவு இருக்காது. அந்த நேரத்து ஈஈஜில ஒரு பக்கத்துல சின்னதா ஒரு அலை தொடங்கி, பெருசாகி, வேகம் குறைஞ்சு, பக்கத்து இடத்துக்கு பரவும். வலிப்பு இல்லாத நேரத்துல, தலையில இடது பொட்டுப் பக்கம் வயர் ஒட்டுற F7, T3 மாதிரி இடத்துல மட்டும் கூர்மையான அலை வரும், பக்கத்து பக்கத்து ரெண்டு கோடும் ஒண்ண ஒண்ணு முட்டுற மாதிரி திரும்பி நிக்கும். முழிச்சிருக்கும்போது சுத்தமா இருந்து தூங்கினப்புறம்தான் பல பேருக்கு இது தெரியும், அதனாலதான் தூக்கம் முழிச்சு வரச் சொல்றோம்.

ஏமாத்துற இடமும் இருக்கு. முன்பக்கத்துல கிளம்புற ஃபோக்கல் சட்டுனு ரெண்டு பக்கமும் பரவி ஜெனரலைஸ்ட் மாதிரியே தெரியும், அப்போ ஒவ்வொரு தடவையும் முதல் கூர்முனை ஒரே பக்கத்துலயே வருதான்னு கோட்ட அகலமாக்கி பாக்கணும். ஆப்சன்ஸ் இருக்குற பிள்ளைக்கும் தூக்கத்துல ஒரு பக்கம் மட்டும் அந்த கூர்முனை அலை துண்டு துண்டா வரும், ஆனா அது இடம் வலம்னு மாறிட்டே இருக்கும்.

இத மாத்திப் புரிஞ்சுக்கிட்டா மருந்தும் மாறிடும். ஃபோக்கலுக்கு நல்லா கேக்குற கார்பமசிபைன் ஆப்சன்ஸ அதிகமாக்கிடலாம், ஆப்சன்ஸுக்குக் குடுக்குற எத்தோசக்ஸிமைடு ஃபோக்கலுக்கு உதவாது. ரிப்போர்ட் நார்மல்னு வந்தா ஃபோக்கல் இல்லன்னு சொல்லிட முடியாது. ஆனா மருந்தே எடுக்காத பிள்ளை 3 நிமிஷம் நல்லா ஊதியும் ஒண்ணுமே வரலன்னா, அது ஆப்சன்ஸ்தானான்னு நான் சந்தேகப்படுவேன்.