தலைக்கு 14,500 ரூபாயில் மூணாறு தேனிலவு: முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

“நபருக்கு 14,500 ரூபாய் மட்டுமே! 5 பகல், 4 இரவு. மூணாறில் மூன்று இரவு, ஆலப்புழை படகு வீட்டில் ஓர் இரவு. தனிக் கார், காலை உணவு, தேனிலவுச் சிறப்பு ஏற்பாடுகள் உட்பட.” தை பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கியதும் திருநெல்வேலி வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு விளம்பரம் சுற்றத் தொடங்கிவிடும். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மாசியில் போய் வந்தோம். ஏஜென்சியின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. ஆனால் அவர்கள் கணக்குப் போடும் விதத்தை முழுவதும் எழுதுகிறேன்.

எங்கள் வரம்பு 40,000 ரூபாய். பந்தல்காரர், சமையல்காரர் பாக்கி எல்லாம் தீர்த்தபின் மொய்ப் பணத்தில் ஒதுக்கி வைத்தது. அதற்குமேல் எடுப்பதில்லை என்று நானும் என் கணவரும் பேசி வைத்திருந்தோம். காஷ்மீர், அந்தமான் எல்லாம் பேச்சில் வந்து போயின. அங்கெல்லாம் விமான டிக்கெட்டுக்கும், விமானம் ஏற வேறு ஊருக்குப் போவதற்குமே பாதிப் பணம் கரைந்துவிடும். “குற்றாலத்தில் இரண்டு நாள் இருந்துவிட்டு வாருங்களேன்” என்றார் என் அத்தை. மாசியில் குற்றாலத்தில் பாறையைத்தான் பார்க்க முடியும். மூணாறு சரியாகப் பட்டது. பாலருவி எக்ஸ்பிரஸில் இரவு ஏறிப் படுத்தால் காலையில் எர்ணாகுளம்; ஸ்லீப்பர் வகுப்பில் இருவருக்கும் போக வர ஆயிரத்துச் சொச்சம்தான் ஆகிறது.

ஏஜென்சிக்காரர் வாயாலேயே கணக்கை முடித்துவிட்டார். “இருவருக்கும் 29,000. மீதி 11,000 உங்கள் கைச்செலவுக்கு அண்ணாச்சி. வரும்போது கிலோ கணக்கில் ஏலக்காய் வாங்கி வரலாம்.” பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிய பிறகுதான் 5 சதவீத ஜி.எஸ்.டி. என்று 1,450 ரூபாய் சேர்ந்தது. 30,450 ஆயிற்று. வரி நியாயமானதுதான், விலை சொன்ன அன்றைக்கே அதைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த ரசீதில் ஜி.எஸ்.டி. எண்ணே இல்லை என்பது இன்னொரு கதை.

பயணத் திட்டத்தில் மூணாறு டவுனில் உள்ள ஒரு ஓட்டலின் பெயரும், அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் “அல்லது அதற்கு இணையானது” என்றும் இருந்தது. கார் போய் நின்ற இடம் ஆனச்சால். டவுனிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனச்சால், சித்திராபுரம், பள்ளிவாசல், சின்னக்கானல் ஆகிய இடங்களில் உள்ள விடுதிகளையெல்லாம் ‘மூணாறு’ என்றே விற்கிறார்கள். அவை மோசமான இடங்கள் இல்லை; விலையும் குறைவு. ஆனால் அங்கே தங்கினால் மாலை ஆறு மணிக்குமேல் வெளியே போக வண்டி வேண்டும். ‘தனிக் கார்’ காலை எட்டு முதல் மாலை ஆறு வரைதான் என்பதை டிரைவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். சுற்றிலும் சாப்பாட்டுக் கடை கிடையாது. விடுதியிலேயே இரவு உணவு, வேளைக்கு 900 ரூபாய் வீதம் மூன்று இரவுக்கு 2,700. ஒரு நாள் மாலை டவுனுக்கு ஆட்டோவில் போய் வந்ததற்கு 800.

முதல் இரவில் கட்டில்மேல் பூவும் கேக்கும் இருக்கும் என்று திட்டத்தில் எழுதியிருந்தது. ஒன்றையும் காணவில்லை. வரவேற்பில் இருந்த பையன் தன் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினான். விடுதிக்கு ஏஜென்சி அனுப்பிய வவுச்சர் அது. எங்கள் பெயர், மூன்று இரவு, சாதாரண அறை, சி.பி. அவ்வளவுதான். சி.பி. என்றால் அறையும் காலை உணவும் மட்டும். இரவு உணவும் சேர்ந்தால் எம்.ஏ.பி. என்று போடுவார்கள். எங்கள் கையில் இருந்த வண்ணத் தாளில் மலையருவிப் படமும் இதயக் குறிகளுமாக இரண்டு பக்கம். விடுதிக்குப் போனது நான்கு வரி. விடுதிக்காரர்கள் தங்களுக்கு வந்த அந்த நான்கு வரியைத்தான் மதிப்பார்கள். கேக்கும் பூவும் வேண்டுமென்றால் 1,500 தனியாக என்றான். வேண்டாம் என்றுவிட்டோம்.

இரண்டாம் நாள் திட்டத்தில் முதலிடம் ராஜமலை, அதாவது இரவிகுளம் தேசியப் பூங்கா. டிரைவர் சிரித்துவிட்டார். “சேச்சி, வரையாடு குட்டி போடும் காலம். பிப்ரவரி, மார்ச்சில் பூங்கா மூடியிருக்கும்.” ஆண்டுதோறும் இந்தப் பருவத்தில் மூடுவதுதான் வழக்கம். மாசியில் தேனிலவு போகிறவர்களுக்கு ராஜமலை என்று எழுதிக் கொடுக்கும் ஏஜென்சி, எந்த மாதத்துக்கும் ஒரே தாளைத் தருகிறது என்று அர்த்தம். இந்த ஒரு வரியை வைத்தே ஆளை எடை போட்டுவிடலாம்.

எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டியது ஆலப்புழை. புன்னமடைத் துறையில் எங்களை ஏற்றிய படகில் இரண்டு படுக்கையறைகள். மற்றொன்றில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது: பாட்டி, மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். எங்கள் அறை வாசலில் அமர்ந்து ஒரு பிள்ளை முறுக்குத் தின்றுகொண்டிருந்தது. அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. அவர்களும் பணம் கட்டி வந்தவர்கள்தான். என் கணவர் ஏஜென்சிக்குப் போன் செய்தார். “படகு வீடு என்றுதானே எழுதியிருக்கிறோம் அண்ணாச்சி, தனிப் படகு என்று எங்கே இருக்கிறது?” என்று பதில் வந்தது. ஒற்றை அறைப் படகுக்கு மாற 4,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோம்.

‘24 மணி நேரப் படகுப் பயணம்’ என்று விளம்பரத்தில் இருக்கும். நண்பகலில் ஏற்றி மறுநாள் காலை ஒன்பதுக்கு இறக்கிவிடுவார்கள். இரவில் மீனவர்கள் வலை விரிப்பதால் மாலை ஐந்தரை வாக்கில் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். ஏ.சி.யும் பெரும்பாலான படகுகளில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரைதான். இது அங்கே உள்ள நடைமுறை, ஏமாற்று இல்லை. தெரிந்துகொண்டு போனால் வருத்தம் இருக்காது. படகில் மூன்று வேளை உணவும் சேர்ந்தே இருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஆனது இது. ஏஜென்சிக்கு 30,450. ரயில் 1,100. இரவு உணவு 2,700, நான்கு மதிய உணவு 2,000. நுழைவுச் சீட்டு, மாட்டுப்பட்டியில் படகுச் சவாரி எல்லாம் சேர்ந்து 1,800. படகு மாற்றம் 4,000, டிரைவருக்கு 1,000, ஆட்டோ 800. மொத்தம் 43,850. ஒரு ஏலக்காய்கூட வாங்கவில்லை.

மூவாயிரத்துச் சொச்சம் கூடியதற்காக இவ்வளவு எழுதவில்லை. பணம் இவ்வளவுதான் என்று முடிவானபின் ஊர், நாள், வசதி மூன்றில் ஒன்றைக் குறைத்தே ஆக வேண்டும். அதைக் குறைக்கும் உரிமை நம்முடையது. ஏஜென்சி ‘4 இரவு’ என்று பெரிதாகப் போட்டுவிட்டு, வசதியை நமக்குச் சொல்லாமல் அவர்களே வெட்டிக்கொள்கிறார்கள்: டவுனுக்குப் பதில் ஆனச்சால், தனிப் படகுக்குப் பதில் பகிர்வுப் படகு. எது போனாலும் பரவாயில்லை, எது போகக் கூடாது என்பது தேனிலவு போகிறவர்களுக்குத்தான் தெரியும்.

திரும்பி வந்தபின் அதே 40,000-ஐ நானே பிரித்துப் பார்த்தேன். டிராவல்ஸ்காரர்களிடமும் விடுதிகளிலும் நேராகப் போன் செய்து விலை கேட்டேன். மூன்று இரவு என்று வைத்துக்கொண்டால், மூணாறு டவுனை ஒட்டி காலை உணவோடு இரண்டு இரவு, தலா 4,000, வரியோடு 8,400. ஒற்றை அறைத் தனிப் படகு, சாப்பாட்டோடு 8,500. கார் எர்ணாகுளத்தில் ஏறி ஆலப்புழையில் இறங்கும் வரை மூன்று நாள், பேட்டா, சுங்கம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 3,500 வீதம் 10,500. படகுக்கு மறுநாள் கார் தேவையில்லை. ஆலப்புழையிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. ரயிலுக்கு 1,200. இரவு உணவு இரண்டு வேளை 1,400, மதிய உணவு மூன்று வேளை 1,500. நுழைவுச் சீட்டு 1,500. கூட்டினால் 33,000. கையில் 7,000 நிற்கிறது. அதில் 4,000-ஐத் தொடாமல் அவசரத்துக்கு வைத்துவிட்டு, 3,000-ஐக் கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்த அறை எடுக்கலாம்.

நான்காவது இரவையும் சேர்த்தால் என்ன ஆகும் என்றும் போட்டேன். அறை 4,200, இன்னொரு நாள் கார் 3,500, இருவேளைச் சாப்பாடு 1,200. ஓர் இரவுக்கு 8,900. அவசரப் பணம் மொத்தமும் போய், வரம்பும் தாண்டிவிடுகிறது. நாள் கூட்டும்போது எல்லோரும் அறை வாடகையை மட்டும் கூட்டுகிறார்கள். அதோடு வரும் காரும் சாப்பாடும் அறை வாடகையைவிட அதிகம். நான்காவது இரவுதான் முக்கியம் என்று நினைப்பவர்கள், படகில் இரவு தங்குவதை விட்டுவிட்டு, பகலில் சில மணி நேரம் சிறு படகில் சுற்றலாம். அதுவும் நல்ல தேர்வுதான். எங்களுக்குப் படகு வேண்டும். நாள் குறைந்திருந்தால் வருத்தப்பட்டிருக்க மாட்டோம்.

பணம் திரும்பக் கேட்டபோது முதலில் அந்தச் சிறிய எழுத்தையே காட்டினார்கள். விளம்பரம், பயணத் திட்டம், விடுதி வவுச்சரின் படம், படகுக்குக் கூடுதலாகக் கொடுத்த ரசீது எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் அனுப்பி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தோம். அதன்பின் 2,500 ரூபாய் வந்தது. ஓட்டல் மாற்றத்துக்கு இதுவரை பதில் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஆகவே விடுவதாக இல்லை.

முன்பணம் கட்டிவிட்டு இன்னும் புறப்படாமல் இருப்பவர்கள், விடுதிக்கும் படகுக்கும் ஏஜென்சி அனுப்பிய வவுச்சர்களின் நகலை இன்றே கேளுங்கள். அதில் உள்ள விடுதியின் எண்ணை நீங்களே தேடி எடுத்துப் போன் செய்து, உங்கள் பெயரில் எந்த அறை, எந்த உணவுத் திட்டம் என்று கேளுங்கள். படகுக்காரரிடம் ‘தனிப் படகா, பகிர்வா’ என்ற ஒரு கேள்வி போதும். வவுச்சர் புறப்படும் அன்றுதான் வரும் என்று ஏஜென்சி இழுத்தால், மீதிப் பணமும் அன்றைக்கே வரும் என்று சொல்லிவிடுங்கள்.