மழைநீர்க் குழி போடப் போறீங்களா? கண்ணாடி ஜாடியைக் காட்டினால் நம்பாதீங்க

68,000 ரூபாய். காரைக்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பழைய வீட்டுக்கு மழைநீர்க் குழி போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் வாங்கிக்கொண்டு போன பணம். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து அந்தக் குழியில் தண்ணீர் இறங்கவே இல்லை, நிரம்பி வழிந்து பின்கட்டுச் சுவரோரம் ராத்திரி முழுக்க நின்றிருக்கிறது. இன்றைக்குத்தான் ஆள் வைத்துக் குழியைப் பிரித்துப் பார்த்தோம். கோபம் ஆறாமல் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் பைப், மோட்டார் விற்கும் ஒரு கடையில் விசாரித்தபோது அவர்களே ஆளை அனுப்பினார்கள். "நம்ம ஆளுதான், நல்லாச் செய்வாரு" என்றார் கடைக்காரர். வந்தவர் கையில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி கொண்டுவந்திருந்தார். அடியில் கருங்கல், மேலே ஜல்லி, அதற்கு மேல் கரி, பிறகு மணல், எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளைக் கூழாங்கல். அடியில் சின்னக் குழாய். எங்கள் முற்றத்திலேயே உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீரில் தோட்டத்துச் செம்மண்ணைக் கரைத்து மேலே ஊற்றினார். கீழே தெளிந்த தண்ணீர் வந்தது. ஆத்தா அசந்துபோய்விட்டது. "ஆச்சி, உங்க கிணத்துத் தண்ணி இனிமே இப்படித்தான் இருக்கும்" என்று அவர் சொன்னதும் அங்கேயே 40,000 ரூபாய் முன்பணம் கை மாறியது. பில் கேட்டேன், வேலை முடிந்ததும் மொத்தமாகத் தருகிறேன் என்றார்.

இப்போதுதான் புரிகிறது, அந்த ஜாடி எதையும் நிரூபிக்கவில்லை. செம்மண் கலங்கல் உள்ளே போய்த் தெளிந்து வருகிறது என்றால் அந்த மண் எல்லாம் உள்ளேதான் தங்குகிறது. ஒரு சொம்புக்குத் தெளிவாக வரும். அதே ஜாடியில் இன்னும் பத்துச் சொம்பு ஊற்றிக் காட்டியிருந்தால் தண்ணீர் மேலேயே நின்றிருக்கும். குழியைப் பற்றித் தெரிய வேண்டியது தண்ணீர் எவ்வளவு தெளிவாக வருகிறது என்பதில்லை, எவ்வளவு வேகமாக இறங்குகிறது, பிடித்த வண்டலை எப்படி வெளியே எடுப்பது என்பதுதான். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் செய்த வேலை இதுதான். மூன்றடி விட்டத்தில் பத்தடி ஆழத்துக்குத் தோண்டி, சிமெண்ட் உறை இறக்கினார். உறையில் ஓட்டை கிடையாது, உறைக்கு உறை சேரும் இடத்தையும் சுற்றிச் சிமெண்ட் பூசிவிட்டார், வெளிப்பக்கம் தோண்டிய மண்ணையே தள்ளி மூடினார். அதனால் பக்கவாட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் போக வழியில்லை. உள்ளே கிட்டத்தட்ட வாய் வரைக்கும் ஜல்லி. அதற்கு மேல் வலை எதுவும் விரிக்காமல் கரி, கரிக்கு மேல் "மணல்", எல்லாவற்றுக்கும் மேலே கூழாங்கல். ஓட்டுக்கூரைத் தண்ணீரும் தோட்டத்துச் செம்மண் தண்ணீரும் ஒரே குழாயில் நேராக உள்ளே விழும்படி விட்டார். நடுவில் வண்டல் தங்க ஒரு தொட்டி கூட இல்லை. மீதி 28,000 ரூபாயையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இன்றைக்குக் குழியைப் பிரித்தவர் கிணறு தூர் வாருகிறவர், வயதானவர். கூழாங்கல்லை அள்ளிப் போட்டதும் மண்வெட்டி "டங்"கென்று நின்றது. நாலு விரல் கனத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பாளம், மேலே செம்மண் படிந்து இறுகிக் கிடந்தது. உடைத்து ஒரு துண்டை என் கையில் கொடுத்து, "தம்பி, இது மணல் இல்லே, கிரஷர் பொடி" என்றார். தண்ணீரில் போட்டதும் பால் மாதிரி கரைந்தது. அதைவிடக் கொடுமை, அந்தப் பாளத்துக்குக் கீழே பாதி ஆழத்துக்கு மேல் இருந்த ஜல்லி உலர்ந்து, கல் உடைத்த தூசியோடு அப்படியே இருந்தது. இத்தனை மழை பெய்தும் தண்ணீர் அதைத் தொடவே இல்லை! நாங்கள் காசு கொடுத்து வாங்கிய ஜல்லி ஒரு மழையைக் கூடப் பார்க்கவில்லை.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது: குழியை ஜல்லியால் நிரப்புவதே வீண். எங்கள் கூரை ஆயிரம் சதுர அடி, இரண்டு சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,850 லிட்டர் போல வரும். காலியாக இருந்தால் இந்தக் குழி ஏறக்குறைய 2,000 லிட்டர் பிடிக்கும், ஜல்லி நிரப்பினால் பாதி கூடப் பிடிக்காது. அடியில் ஒன்றரை அடிக்கு 40 எம்எம் ஜல்லி, அதன் மேல் நைலான் வலை, அதற்கு மேல் ஓரடி கழுவிய பருமணல், மிச்சம் காலி. மேல் மணலில்தான் வண்டல் பிடிக்கும், வருஷா வருஷம் ஆடி, ஆவணியில் அந்த மேல் மணலை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மணல் போட்டால் போதும். வலை இல்லாவிட்டால் மணல் ஜல்லிச் சந்துக்குள் இறங்கிவிடும், பிறகு மொத்தத்தையும் பிரிக்க வேண்டியதுதான். கரி இதற்குத் தேவையே இல்லை, நொறுங்கிப் பொடியாகி அதுவும் அடைக்கும்.

இனி குழி போட்ட ஆளின் பேச்சு. முதலில் போன் செய்தபோது, "அண்ணே, மொதல் மழைக்கு அப்படித்தான், மண்ணு செட்டாகணும்" என்றார். அடுத்த மழைக்குக் கேட்டால், "உங்க ஊரு செம்புறாங்கல்லு பூமி, அதான் குடிக்க மாட்டேங்குது" என்கிறார். தோண்டுவதற்கு முன்னாடி அது தெரியாதா? குழியில் தண்ணீர் ஊற்றி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டல்லவா உறை இறக்கியிருக்க வேண்டும்? அப்புறம் போனை எடுப்பதே இல்லை. கடைக்குப் போனால், "நாங்க ஆளைத்தான் காட்டினோம், வேலைக்கு நாங்க பொறுப்பில்லை" என்று கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைக் கூட நிமிர்த்தாமல் சொல்கிறார், எங்கள் ஆளு என்று சொன்ன அதே கடைக்காரர். 68,000 ரூபாய்க்கு என் கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை, போனில் பணம் அனுப்பிய விவரம் மட்டும்தான். அதை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கப் போகிறேன்.

பணம் போனதுகூட ஆறிவிடும். பின்கட்டுச் சுவர் ஐயா காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு, இன்றைக்கும் கை வைத்தால் வழுக்கும். அது அடியில் ஓரடி உயரத்துக்கு உப்பி உதிர்கிறது. அந்தப் பூச்சு தெரிந்த கொத்தனார் கிடைப்பதே அரிது, அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் கெடும்.

விரிவாகச் சொல்ல நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பாருங்கள்.

மணல் இறக்கியதும் ஒரு பிடியைப் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேல் சேறு தனியாகப் படிந்தாலோ, தண்ணீர் கலங்கலாகவே நின்றாலோ திருப்பி அனுப்புங்கள்.

குழிக்கு முன்னால் இரண்டடிக்கு இரண்டடி வண்டல் தொட்டி கட்டாயம் வேண்டும். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட ஒரு வழியும் வையுங்கள்.

தோட்டத்து மண் தண்ணீரைக் கிணற்றுக்கோ போருக்கோ நேராக விடவே விடாதீர்கள்.

உறையில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள், வெளியே சுற்றி ஜல்லி போடச் சொல்லுங்கள். நிரம்பினால் வழிவதற்கு ஒரு குழாயைத் தெருப்பக்கம் விடுங்கள், வீட்டுப் பக்கம் வேண்டாம்.

ஒரு நல்ல மழையில் தண்ணீர் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.