ஒற்றைக் கோர் செத்த ஃபைபர்: யூடிஎல்டியா, லூப் கார்டா, எல்ஏசிபியா?

ஃபைபர் லிங்க் முழுதாக அறுந்தால் யாருக்கும் பெரிய குழப்பம் இல்லை. இரண்டு பக்கமும் லைட் அணையும், போர்ட் டவுன் ஆகும், மாற்று வழி எழும்பும், ஆளை அனுப்பி ஒட்டலாம். இரண்டு கோரில் ஒன்று மட்டும் போகும்போதுதான் ஆட்டம் தொடங்குகிறது, ஏனென்றால் சில லிங்குகளில் சுவிட்ச் அப்போதும் `connected` என்று காட்டும், எரர் கவுண்டர் பூச்சியத்தில் நிற்கும், ஆனால் ஒரு திசையில் ஒரு பாக்கெட் கூடப் போகாது.

இதைப் பிடிக்க மூன்று வழிகளைத்தான் பொதுவாகச் சொல்வார்கள்: யூடிஎல்டி, லூப் கார்ட், எல்ஏசிபி. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது, ஒரு லிங்கை வைத்துப் பார்த்தால் வரும். மட்டக்களப்பில் நான் பார்த்த ஓர் அலுவலக நெட்வொர்க்கையே எடுக்கிறேன். புளியந்தீவில் மெயின் சுவிட்ச், கல்லடியில் ஒன்று, நாவற்குடாவில் ஒன்று. மூன்றும் முக்கோணமாக இணைந்திருக்கின்றன, எல்லாம் சிஸ்கோ காடலிஸ்ட். லூப் வராமல் காக்கும் எஸ்டிபிக்கு புளியந்தீவுதான் ரூட். கல்லடி–நாவற்குடா லிங்க் மாற்று வழி, அதனால் நாவற்குடா பக்கத்துப் போர்ட் பிளாக் ஆகி நிற்கும். இந்த லிங்க் மட்டும் மீடியா கன்வேர்ட்டர் சோடியில் ஓடியது, கம்பங்களில் இழுத்த கேபிள், இடையில் ஓர் இணைப்புப் பெட்டி. மார்கழி மழையில் அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, கல்லடியிலிருந்து நாவற்குடாவுக்குப் போகிற கோர் மட்டும் செத்துவிட்டது.

கன்வேர்ட்டர் ஏன் முக்கியம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். எஸ்எஃப்பியிலிருந்து எஸ்எஃப்பிக்கு நேரடி ஃபைபர் என்றால், கிகாபிட்டில் ஆட்டோ நெகோஷியேஷன் ஓடும்வரை ஒரு பக்கம் வெளிச்சம் இழந்ததை மற்றப் பக்கத்துக்குச் சொல்லிவிடும், இரண்டு போர்ட்டும் விழும். பத்து கிகாபிட்டில் இதே வேலையைச் செய்ய லோக்கல் ஃபோல்ட், ரிமோட் ஃபோல்ட் சமிக்ஞைகள் இருக்கின்றன. ஆகவே வெறும் கோர் அறுப்பு அங்கே பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். யாராவது `speed nonegotiate` போட்டிருந்தாலோ, நடுவில் கன்வேர்ட்டர் நின்றாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும். நாவற்குடாக் கன்வேர்ட்டரில் ஃபைபர் லைட் அணைந்திருந்தது, செப்புப் பக்கத்து லைட் ஜோராக எரிந்தது. சுவிட்ச் பார்ப்பது செப்புப் பக்கத்தை மட்டும்தான்! கன்வேர்ட்டரில் லிங்க் ஃபோல்ட் பாஸ்-த்ரூ வசதி இருந்து, அதன் சின்ன டிப் சுவிட்ச் ஆன் ஆகியிருந்தால் ஃபைபர் விழும்போது செப்பும் விழும். இங்கே அது ஆஃப்.

இப்போது என்ன நடக்கும்? நாவற்குடாவின் பிளாக் ஆன போர்ட் கல்லடியிடமிருந்து வரும் எஸ்டிபி செய்திகளான பிபிடியூக்களைக் கேட்டுக்கொண்டேதான் அடங்கி இருந்தது. அவை நின்றதும் 20 செக்கன் பொறுக்கும், பிறகு 15, இன்னொரு 15, ஆக 50 செக்கன் அளவில் ஃபார்வர்டிங்குக்குப் போய்விடும். எதிரே யாரும் இல்லை என்பது அதன் கணிப்பு. ஆனால் நாவற்குடாவிலிருந்து கல்லடிக்குப் போகிற கோர் உயிரோடு இருக்கிறதே! புளியந்தீவிலிருந்து வரும் பிராட்காஸ்ட் நாவற்குடா, கல்லடி, திரும்பப் புளியந்தீவு என்று ஒரே திசையில் சுற்றத் தொடங்கும், நிறுத்த ஒருவரும் இல்லை. மூன்று கட்டிடமும் ஒன்றாக விழும், எந்தத் திரையிலும் சிவப்பு இருக்காது.

யூடிஎல்டி இதை எப்படிப் பிடிக்கிறது? ஒவ்வொரு போர்ட்டும் தன் பெயரையும் போர்ட் அடையாளத்தையும் குறித்த இடைவெளியில் அனுப்பும், கூடவே 'நான் யார் யாரைக் கேட்டேன்' என்ற பட்டியலையும் சேர்த்து அனுப்பும். தொலைபேசியில் கரகரப்பு வந்தால் 'நான் சொன்னது கேட்டதா, திருப்பிச் சொல்லு' என்போமே, அந்த வேலைதான். மறுபக்கம் திருப்பிச் சொல்கிற பட்டியலில் என் பெயர் இருந்தால் இரண்டு திசையும் ஓடுகிறது. அவர் பேசுவது எனக்குக் கேட்கிறது, பட்டியலில் மட்டும் என் பெயர் இல்லை என்றால் என் குரல் அங்கே போய்ச் சேரவில்லை. நம் கதையில் நாவற்குடா கல்லடியை மறந்துவிட்டு வெற்றுப் பட்டியலோடு பேசும். அது கல்லடிக்குக் கேட்கும். பழுதைச் சொல்லக்கூடியது கல்லடிதான், அது தன் போர்ட்டை மூடுகிறது:

```
%UDLD-4-UDLD_PORT_DISABLED: UDLD disabled interface Gi0/1,
 unidirectional link detected
%PM-4-ERR_DISABLE: udld error detected on Gi0/1,
 putting Gi0/1 in err-disable state
```

இதில் நார்மல், அக்ரெஸிவ் என்று இரண்டு மோட். வந்த செய்தியிலேயே தவறு எழுதியிருந்தால், அதாவது பட்டியல் வெறுமையாக இருந்தாலோ வேறு யாரோ பெயர் இருந்தாலோ, நார்மல் நடவடிக்கை எடுக்கும். எதிர்ப்பக்கம் திடீரென்று மௌனமானால் `undetermined` என்று குறித்துவிட்டு சும்மா இருக்கும். அக்ரெஸிவ் அந்த மௌனத்தையும் விடாது, செக்கனுக்கு ஒன்றாக எட்டுத் தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மூடிவிடும். ஆனால் சில காடலிஸ்ட் கையேடுகள், வயர் சரியாக மாட்டியிருந்து ஒரு திசை மட்டும் போனால் நார்மல் மோட் போர்ட்டை மூடாது என்றே எழுதியிருக்கின்றன. மாடலுக்கு மாடல் வேறுபடுகிற விஷயத்தை நம்பி நிற்க வேண்டாம், மாற்று வழி உள்ள லிங்குக்கு என் தெரிவு அக்ரெஸிவ்.

நேரக் கணக்கையும் பாருங்கள். கண்டுபிடிக்க எடுக்கும் நேரம் சுமாராக இடைவெளியின் இரண்டரை மடங்கும் நாலு செக்கனும். இயல்பான இடைவெளி 15 செக்கன், ஆக 41 செக்கன். பழைய எஸ்டிபியின் 50க்கு முன்னால் வந்துவிடுகிறது, நல்லது. ஆனால் இன்று பலர் ஓட்டுவது ராபிட் எஸ்டிபி. அது மூன்று ஹலோ, 6 செக்கனிலேயே பிபிடியூ இல்லை என்று முடிவெடுத்து, ஒப்புதல் வராததால் 30 செக்கன் காத்திருந்து 36இல் திறந்துவிடும். 41 அங்கே பிந்திவிட்டது. இடைவெளியை 7 ஆக்கினால் 22 செக்கனுக்குள் முடிகிறது, அதனால் `udld message time 7` என்ற ஒரு வரியை மறக்காதீர்கள். (ராபிட்டுக்கு டிஸ்பியூட் என்ற சொந்தக் காவலும் இருக்கிறது, தன்னைவிடத் தாழ்ந்த பிபிடியூவை ஃபார்வர்டிங் கொடியோடு கேட்டால் கல்லடி தானே பிளாக் ஆகும். அது கூடுதல் காவல்தான், அதை மட்டும் நம்பி விடுவதில்லை.)

சரி, லூப் கார்ட்? இதே பழுதில் அது இன்னும் அழகாக வேலை செய்கிறது. பிபிடியூ கேட்டுக்கொண்டிருந்த போர்ட்டில் அது நின்றால் திறக்காமல் `loop-inconsistent` என்று பூட்டி வைக்கும், கேபிளை ஒட்டியதும் தானாகவே திறக்கும். யாரும் போய் `shutdown`, `no shutdown` அடிக்கத் தேவையில்லை. லூப்பைத் தடுப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் நான் முதலில் போடுவது இதைத்தான்.

ஆனால் கோரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். நாவற்குடாவிலிருந்து கல்லடிக்குப் போகிற கோர் செத்தால்? நாவற்குடாவுக்கு பிபிடியூ ஒழுங்காக வருகிறது, பிளாக்கிலேயே இருக்கிறது. கல்லடி அந்தப் போர்ட்டில் பிபிடியூவை எதிர்பார்ப்பதே இல்லை. லூப் இல்லை, லூப் கார்டுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, மாற்று வழி பாதி செத்துக் கிடப்பது மாதக் கணக்கில் தெரியாது. புளியந்தீவு–நாவற்குடா கேபிள் அறுகிற அன்றைக்குத்தான் தெரியும், அதற்காகத்தானே அந்த மாற்று வழிக்குக் காசு செலவழித்தோம்! யூடிஎல்டிக்கு எந்த கோர் செத்தாலும் ஒன்றுதான். எனக்கு இந்த ஒரு காரணமே போதும், லூப் கார்ட் இருக்கிறதே என்று யூடிஎல்டியை விட முடியாது.

இன்னொரு குருட்டு இடம், மாறி ஒட்டிய கோர். புளியந்தீவின் அனுப்பும் கோர் கல்லடிக்கும், கல்லடியினது நாவற்குடாவுக்கும், நாவற்குடாவினது புளியந்தீவுக்கும் போய்ச் சேர்ந்தால் மூன்று போர்ட்டுக்கும் வெளிச்சம் வரும். ஒட்டின ஆள் பவர் மீட்டரில் அளந்தால் எல்லாம் சரி என்றே காட்டும். யூடிஎல்டியில் நாவற்குடாவுக்குக் கல்லடியின் செய்தி வருகிறது, பட்டியலில் இருப்பது புளியந்தீவின் பெயர், உடனே பிடிபடும்.

பல லிங்குகளை ஒரே கட்டாகச் சேர்க்கும் எல்ஏசிபியும் எதிர்ப்பக்கத்தின் விவரத்தைத் திருப்பிச் சொல்கிற நெறிமுறைதான், அதனால் ஒருவழிப் பழுது அதற்கும் தெரியும், பழுதான கோர்ச் சோடியை மட்டும் கட்டிலிருந்து கழற்றிவிடும். மெதுவான முறையில் 90 செக்கன், வேகமான முறையில் 3 செக்கன். இது ஐஇஇஇ தரம், எந்தக் கம்பனி சுவிட்ச்சோடும் பேசும். யூடிஎல்டி சிஸ்கோவுடையது, 2008இல் ஆர்எஃப்சி 5171 ஆக வெளியிட்டாலும் மற்றவர்களின் சுவிட்ச் அதைப் பேசும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஒரு பக்கம் சிஸ்கோ, மறுபக்கம் வேறு என்றால் கேள்வியே இல்லை, ஒரே ஒரு லிங்காக இருந்தாலும் எல்ஏசிபி கட்டுக்குள் போட்டு வேகமான முறையை வையுங்கள். `channel-group 1 mode on` என்று எழுதி வைத்திருந்தால் மட்டும் அங்கே எல்ஏசிபியே ஓடவில்லை. பாதிப் பேருக்கு இன்டர்நெட் வேலை செய்யும், பாதிப் பேருக்குச் செய்யாது, நீங்கள் கணினி கணினியாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

நம் முக்கோணத்துக்கு நான் எழுதுவது இது:

```
udld aggressive
udld message time 7
interface GigabitEthernet0/1
 udld port aggressive
 spanning-tree guard loop
```

முதல் வரி இருக்கும்போது நான்காவது எதற்கு என்று கேட்கலாம். பொதுவாகப் போடுகிற `udld aggressive` ஃபைபர் போர்ட்டுகளுக்கு மட்டும்தான் பொருந்தும். கன்வேர்ட்டருக்குப் போகிற போர்ட் சுவிட்ச்சின் கண்ணில் செப்பு, அதில் யூடிஎல்டி ஓடவே ஓடாது. மிகவும் தேவையான இடத்தில்தான் இப்படி விடுபடுகிறது, அதனால் போர்ட்டிலும் இரு பக்கமும் எழுத வேண்டும், பிறகு `show udld Gi0/1` அடித்து `Bidirectional` வருகிறதா பார்க்க வேண்டும்.

மாற்று வழியே இல்லாத லிங்க், உதாரணத்துக்கு ஆரையம்பதிக்கு ஒற்றைக் கேபிள் என்றால், அக்ரெஸிவ் போடமாட்டேன். சுவிட்ச்சின் சிபியூ கொஞ்ச நேரம் திணறினாலும் போர்ட் மூடிக்கொள்ளும், திறக்க மோட்டார் சைக்கிளில்தான் போக வேண்டும். அங்கே நார்மல் மோடும் `errdisable recovery cause udld` வரியும், 300 செக்கனுக்கு ஒருமுறை தானாக எழும்பிப் பார்க்கும்.

போட்டு முடித்ததும் ஒரு பரிசோதனை செய்யுங்கள். நாவற்குடாக் கன்வேர்ட்டரில் பேட்ச் கோர்டின் இரண்டு காலையும் சேர்த்துக் கழற்றாமல் கிளிப்பை விடுவித்து வெளிச்சம் வாங்குகிற காலை மட்டும் இழுங்கள், கல்லடியின் லாக்கில் மேலே உள்ள இரண்டு வரி அரை நிமிடத்துக்குள் வர வேண்டும். திரும்ப மாட்டி, மூடிய போர்ட்டை `udld reset` அடித்துத் திறந்துவிட்டு மற்றக் காலையும் இழுத்துப் பாருங்கள், அந்த முறை லூப் கார்ட் பேசாது, நாவற்குடாவின் லாக்கில் யூடிஎல்டி மட்டும்தான் பேசும்.