ஹாஃப் போர்ட், ஃபுல் போர்ட், ஆல் இன்க்ளூசிவ்: எத்தனை வேளைச் சோறு, யாருக்கு எது?

சுங்கை சிப்புட்டில் எங்கள் வரிசையில் குடியிருக்கும் அக்கா ஒருவர் போன மாதம் கைப்பேசியோடு வந்தார். கணவர் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். பெண்ணுக்கு 13 வயது, பையனுக்கு 7. இதுவரை கோயில் திருவிழாவுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போனதைத் தவிர, ஹோட்டல் எடுத்துத் தங்கியதே இல்லை. பள்ளி விடுமுறைக்கு லங்காவிக்கோ ரெடாங் தீவுக்கோ போகலாம் என்று திட்டம்.

“தம்பி, ஒரே ரூமுக்கு மூணு விலை போட்டிருக்கான். ஹாஃப் போர்ட்டுன்னா பாதி ரூமா, பாதிச் சாப்பாடா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. போர்ட் என்றால் பலகை என்றுதான் நமக்குத் தெரியும். பழைய ஆங்கிலத்தில் சாப்பிடும் மேசைப் பலகைக்கும் அதே சொல்தான். பலகையில் வைப்பது சோறு என்பதால் நாளடைவில் சாப்பாட்டுக்கும் அதுவே பெயராகிவிட்டது. ஆக இந்த விலைகள் எல்லாமே சாப்பாட்டுக் கணக்கு. ரூம் ஒன்றுதான், அதில் எந்த மாற்றமும் இல்லை.

அறையும் பசியாறலும் மட்டும் சேர்ந்த விலையை BB என்று போடுவார்கள். அதோடு இரவுச் சாப்பாடும் சேர்ந்தால் ஹாஃப் போர்ட், HB. மதியமும் சேர்ந்து மூன்று வேளையும் கிடைத்தால் ஃபுல் போர்ட், FB. மூன்று வேளையோடு குடிக்கும் பானங்களும் இடைப்பட்ட பலகாரமும் சேர்ந்தால் ஆல் இன்க்ளூசிவ், AI. ஹாஃப் போர்ட்டை நம் தோட்டத்து வழக்கத்திலேயே சொல்லிவிடலாம். காலையில் வீட்டில் பசியாறி வேலைக்குப் போகிறோம், மதியச் சோறு வெளியே நம் பாடு, ராத்திரி திரும்பி வந்து வீட்டில் சாப்பிடுகிறோம். பகலில் வெளியே சுற்றுகிறவருக்காக வைத்த கணக்கு அது.

தமிழ்நாட்டுக்குக் கோயில் பயணம் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஊட்டி, கொடைக்கானல் ஹோட்டல்களில் வேறு எழுத்துகள் போட்டிருக்கும். EP என்றால் வெறும் அறை, CP என்றால் பசியாறல், MAP என்றால் ஹாஃப் போர்ட், AP என்றால் ஃபுல் போர்ட். AP என்பது அமெரிக்கன் பிளான் என்பதன் சுருக்கம். அதைப் பார்த்து ரொட்டியும் முட்டையும் வைக்கும் அமெரிக்கப் பசியாறல் என்று நினைத்துக்கொண்டு, மதியமும் இரவும் வெளியே போய்க் காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, எழுத்துகள் புரிந்துவிட்டன. ஆனால் முதல்முறை போகிறவர்கள் ஏமாறுவது வேளைகளை எண்ணும் இடத்தில்தான்.

எங்கள் குடும்பமும் ஒரு தீவுக்கு மூன்று நாள், இரண்டு இரவு ஃபுல் போர்ட் எடுத்துப் போனது. மூன்று நாள், நாளைக்கு மூன்று வேளை, ஆக ஒன்பது வேளை என்று எண்ணிக்கொண்டு கிளம்பினோம். கடைசி நாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தபோது, உங்கள் கணக்கு காலையோடு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, வேளை தவறக்கூடாது. படகு மூன்று மணிக்குத்தான். வேறு கடை இல்லாத இடத்தில் அவர்கள் சொன்ன விலைக்கு நான்கு தட்டு வாங்கினோம். அன்று அம்மா முகம் வாடியதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான். அதனால்தான் யார் கேட்டாலும் உட்கார்ந்து விளக்குகிறேன்.

ஹோட்டல்காரர் எண்ணுவது இரவை. ஒரு இரவுக்கு ஃபுல் போர்ட் என்றால் மூன்று வேளை, ஹாஃப் போர்ட் என்றால் இரண்டு வேளை. இரண்டு இரவு ஃபுல் போர்ட் ஆறு வேளைதான். வழக்கமாக அது போய் இறங்கிய நாளின் மதியத்தில் தொடங்கும்: மதியம், இரவு, மறுநாள் மூன்று வேளை, கிளம்பும் நாள் பசியாறல். ஹாஃப் போர்ட் முதல் நாள் இரவில் தொடங்கிக் கடைசி நாள் பசியாறலில் முடியும், மொத்தம் நான்கு வேளை. சில இடங்களில் முதல் வேளை மாறும். நம் படகு மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தால் அந்த வேளை போனதுதான், காசு திரும்பாது. பதிலாகக் கடைசி நாள் மதியம் தருவார்களா என்று முன்பே கேட்டால், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். போய் இறங்கிய பிறகு கேட்டால் கஷ்டம்.

இப்போது அக்காவின் இரண்டு தீவுகளுக்கு வருவோம். ரெடாங்கில் பெரும்பாலும் பேக்கேஜாகவே விற்கிறார்கள். படகு, அறை, மூன்று வேளைச் சாப்பாடு, கடலில் மீன் பார்க்கக் கூட்டிப்போவது எல்லாம் ஒரே விலையில் அடங்கும். அங்கே நாம் தங்கும் கடற்கரையை விட்டால் சாப்பிடப் போக அதிக இடம் கிடையாது. அந்த மாதிரி இடத்துக்கு ஃபுல் போர்ட்தான் சரி, யோசிக்கவே வேண்டாம். ஹாஃப் போர்ட் மலிவாகத் தெரிந்தாலும் மதியம் அதே சமையல்கட்டில்தான் தனிக்காசு கொடுத்துச் சாப்பிட வேண்டியிருக்கும்.

லங்காவி கதை வேறு. பந்தாய் சினாங் பக்கம் இறங்கி நடந்தால் மாமாக் கடை, நம் ஆட்கள் கடை, மலாய்க் கடை என்று எல்லாம் இருக்கின்றன. அக்கா பார்த்த ஹோட்டல் சினாங்கில் இல்லை, கொஞ்சம் தள்ளி இருந்தது. இரண்டு இரவுக்கு அவர் குடும்பத்துக்குச் சொன்ன விலை: பசியாறலோடு 800 வெள்ளி, ஹாஃப் போர்ட் 1,150 வெள்ளி, ஃபுல் போர்ட் 1,430 வெள்ளி. பெண்ணைப் பெரியவர் கணக்கிலும் பையனை அரை ஆளாகவும் சேர்த்திருந்தார்கள், ஆக மூன்றரை ஆள். இந்த வயதுக் கணக்கு ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும், அதைக் கேட்காமல் எந்த விலையையும் ஒப்பிட முடியாது.

விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்தோம். பசியாறலுக்கும் ஹாஃப் போர்ட்டுக்கும் வித்தியாசம் 350 வெள்ளி. அதில் கிடைப்பது இரண்டு இரவுச் சாப்பாடு, மூன்றரை ஆளுக்கு ஏழு பங்கு, பங்குக்கு 50 வெள்ளி. ஹாஃப் போர்ட்டுக்கும் ஃபுல் போர்ட்டுக்கும் வித்தியாசம் 280 வெள்ளி, ஏழு மதியச் சாப்பாடு, பங்குக்கு 40 வெள்ளி.

மதியத்தை முதலில் தள்ளிவிட்டோம். பகல் முழுக்கக் கேபிள் காரும் படகுச் சவாரியுமாக வெளியே இருக்கப்போகிறவர்கள் சாப்பாட்டுக்காக ஹோட்டலுக்குத் திரும்பி வரப்போவதில்லை. சில ஹோட்டல்கள் மதியத்தைப் பொட்டலமாகக் கட்டித் தரும். கேட்டுப் பார்த்தோம், இவர்கள் தரவில்லை.

இரவுச் சாப்பாட்டில்தான் அக்காவுக்குத் தடுமாற்றம். வெளியே தலைக்கு 20 வெள்ளி வைத்துக்கொண்டால் பங்குக்கு 30 மிச்சம், ஓர் இரவுக்கு 105 வெள்ளி. ஆனால் அந்த ஹோட்டலிலிருந்து கடைத்தெருவுக்கு வாடகைக் காரில் போக வர 70 வெள்ளி ஆகும் என்று தெரிந்தது. மிச்சம் 35 வெள்ளிதான். நாள் முழுக்க வெயிலில் அலைந்த பிள்ளைகளை மறுபடி கிளப்பிக்கொண்டு போவதற்கு 35 வெள்ளி பெரிதில்லை என்று எனக்குத் தோன்றியது, ஹாஃப் போர்ட் எடுங்கள் என்று சொல்லவும் வாயெடுத்தேன்.

அப்புறம்தான் பானம் ஞாபகத்துக்கு வந்தது. ஹாஃப் போர்ட்டிலும் ஃபுல் போர்ட்டிலும் பொதுவாகத் தட்டில் இருப்பது மட்டும்தான் சேர்த்தி. பசியாறும்போது காப்பியும் தேநீரும் சும்மா கிடைக்கும், இரவில் கிடைக்காது. மெனுவில் பழச்சாறு 12++ என்று இருந்தது. அந்த இரண்டு கூட்டல் குறிக்கு அர்த்தம், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் சாப்பாட்டுக்கான 6 விழுக்காடு சேவை வரியும் மேலே ஏறும் என்பது. ஒரு கிளாஸ் ஏறக்குறைய 14 வெள்ளி, நான்கு பேருக்கு 56. கணக்கு அப்படியே புரண்டுவிட்டது. வெறும் தண்ணீர் மேசையில் வைப்பார்களா, பாட்டில்தான் வாங்க வேண்டுமா என்ற ஒரு கேள்விக்கு இவ்வளவு எடை இருக்கிறது.

பானம்தான் பிரச்சினை என்றால் ஆல் இன்க்ளூசிவ் எடுத்துவிடலாமே என்று அக்காவின் கணவர் கேட்டார். நம் நாட்டில் அந்த முறை அதிகம் இல்லை. பகாங்கில் செராத்திங் கடற்கரையில் இருக்கும் கிளப் மெட் அப்படி நடத்துகிறது. மாலத்தீவு போன்ற இடங்களில் ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட்டாக இருப்பதால், அங்கே அது பொருந்தும். ஆனால் ஆல் இன்க்ளூசிவ் விலையில் மதுவின் பங்கும் சேர்ந்திருக்கும். குடிக்காத குடும்பம் அதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறது. எல்லாம் அடக்கம் என்ற பெயர் இருந்தாலும் எல்லையும் உண்டு: பார் இத்தனை மணி வரை, இந்த வகைப் பானம் மட்டும், தனி உணவகத்துக்கு மேல்காசு, மசாஜுக்கும் விசைப்படகு விளையாட்டுக்கும் தனிப்பணம். நாள் முழுக்க ரிசார்ட்டிலேயே இருந்து, பிள்ளைகள் மணிக்கொரு ஐஸ்கிரீம் கேட்கிற குடும்பத்துக்கு அது நல்லது. காலையில் கிளம்பிப் பொழுது சாய வருகிறவர்களுக்கு வீண்.

இன்னொன்று, அக்கா வெள்ளிக்கிழமை சைவம். இரண்டாம் இரவு வெள்ளிக்கிழமை. முழுச் சைவத்துக்கு என்ன வைப்பீர்கள், முட்டையும் நெத்திலியும் சேராமல் இருக்குமா என்று வாட்ஸ்ஆப்பில் கேட்கச் சொன்னேன். காய்கறிப் பிரட்டலும் சோறும் என்று பதில் வந்தது. அதற்கு 50 வெள்ளி கொடுக்க அக்காவுக்கு மனம் வரவில்லை, எனக்கும் அது சரியாகவே பட்டது.

கடைசியில் லங்காவியே முடிவாயிற்று, பசியாறலோடு 800 வெள்ளி விலையில். கோலா பெர்லிஸிலிருந்து போகும் படகு அவர்களைச் சாயந்திரம்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதால், முதல் நாள் இரவுச் சாப்பாட்டை மட்டும் தனியாகச் சேர்க்க முடியுமா என்று கேட்டோம். முடியும், மூன்றரை ஆளுக்கு 175 வெள்ளி என்றார்கள். மேசையில் தண்ணீர் ஜாடி உண்டா என்று அக்காவே தட்டச்சு செய்து கேட்டார். உண்டு, காசு இல்லை என்று வந்த பதிலைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் முன்பணம் கட்டினார்.