காப்பிக் களத்தின் வெப்பக் கணக்கு: முன்னோக்கு ஆய்லரா, பின்னோக்கு ஆய்லரா?

ஏற்காட்டில் மாமாவின் தோட்டத்துக் களத்தில் காயும் காப்பிக்கொட்டைப் படுகையின் வெப்பநிலையைச் சேலத்தில் உட்கார்ந்தபடியே கணினியில் கணிக்க முயன்றபோதுதான் முன்னோக்கு ஆய்லர், பின்னோக்கு ஆய்லர் என்ற, நேரத்தைச் சிறுசிறு படிகளாக வெட்டி வெப்பநிலையைக் கணக்கிடும் இரண்டு முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. நான் பின்னோக்கு ஆய்லரைத் தேர்ந்தெடுத்தேன். அதனால் இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று சொல்லமாட்டேன்.

கணக்கில் இரண்டே பொருள்கள். படுகை மெதுவாகச் சூடேறும். சூழலோடு உள்ள வெப்ப வித்தியாசம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரமான அதன் காலமாறிலியை 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன். வெப்பநிலையை அளக்கப் படுகைக்குள் செருகிய மெல்லிய தெர்மோகப்பிள் கம்பியின் காலமாறிலி 2 விநாடி. கையில் இருக்கும் பதிவு கம்பி காட்டியதுதான் என்பதால் கம்பியையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. ஒரே சமன்பாட்டுத் தொகுதிக்குள் இவ்வளவு விலகிய இரண்டு வேகங்கள் இருப்பதைத்தான் விறைப்பு என்கிறோம்.

எழுதுவதற்கு முன்னோக்கு முறை எளிது. அதில் சர்ச்சையே இல்லை. கம்பியின் வெப்பநிலை `s`, படுகையுடையது `b`, அடுத்த படியில் படுகையுடையது `b_new`, படியின் நீளம் `h` விநாடி என்றால் இரண்டும் இப்படி இருக்கும்:

```python
s = s + h*(b - s)/2              # முன்னோக்கு
s = (s + h*b_new/2)/(1 + h/2)    # பின்னோக்கு
```

முதல் வரி இப்போதைய சரிவை வைத்து அடுத்த மதிப்புக்குத் தாவுகிறது. இரண்டாவது வரி, போய்ச் சேரும் இடத்தின் சரிவை எடுத்துக்கொள்கிறது. அந்த மதிப்பு இன்னும் தெரியாததால் சமன்பாட்டைத் தீர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

படுகை அசையாமல் நிற்க, கம்பி அதைவிட 1 டிகிரி அதிகமாக இருப்பதாகக் கொள்வோம். படி 60 விநாடி. முன்னோக்கு முறையில் அந்த விலகல் ஒவ்வொரு படியிலும் 1 − 60/2, அதாவது −29 ஆல் பெருக்கப்படுகிறது. மூன்றே நிமிடத்தில் விலகல் −29, 841, −24389 என்று போய்விடும். உண்மையில் கம்பி சில விநாடிகளில் படுகையோடு ஒத்துப்போய்விடும்; கணக்கோ சரிவைப் பிடித்துக்கொண்டு சமநிலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் வெகுதூரம் போய் விழுகிறது, அங்கே சரிவு இன்னும் செங்குத்தாக இருப்பதால் அடுத்த தாவல் அதைவிடப் பெரிதாகிறது. பின்னோக்கு முறையில் பெருக்குமதிப்பு 1/31. படி எவ்வளவு நீண்டாலும் அது ஒன்றைத் தாண்டாது.

முன்னோக்கு முறை தாங்க வேண்டுமானால் படி 4 விநாடிக்குள் இருக்க வேண்டும். ஒரு நாளுக்கு 21,600 படிகளுக்கு மேல். இதேபோல் முன்னோக்கித் தாவும், ஆனால் துல்லியம் கூடிய நான்காம் வரிசை ரூங்கே-குட்டா முறைக்கு மாறினாலும் வரம்பு ஏறத்தாழ 5.6 விநாடிதான். கம்பியின் துடிப்பு எப்போதோ அடங்கிவிட்ட பிறகும் நாள் முழுவதும் அதுவே படியின் நீளத்தைக் கட்டிப்போடுகிறது என்பதுதான் என் தேர்வைத் தீர்மானித்தது. 60 விநாடியின் வெடிப்பைவிட 4.2 விநாடி ஆபத்தானது: பெருக்குமதிப்பு −1.1 மட்டுமே என்பதால் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு விலகல் முதலில் கண்ணில் படாது, ஏழு நிமிடத்தில் அதுவே 13 டிகிரியைத் தாண்டிவிடும். அடுத்தடுத்த படிகளில் குறி மாறிமாறி வந்து, ஒரே விகிதத்தில் வளர்ந்தால், படியைப் பாதியாக்கிப் பாருங்கள். அப்போது மறைந்துவிட்டால் அது களத்தில் நடந்ததல்ல.

பின்னோக்கு முறையிலும் நான் ஒருமுறை சறுக்கினேன். சமன்பாட்டைத் தீர்க்கச் சோம்பல்பட்டு, வலப்பக்கத்தில் பழைய மதிப்பை இட்டு, வந்த விடையை மறுபடி இட்டு, இப்படியே சுற்றவிட்டேன். அந்தச் சுற்றிலும் பிழை ஒவ்வொரு முறையும் −30 ஆல் பெருகுகிறது. படி 2 விநாடிக்கு மேல் போனால் சுற்று ஒருபோதும் ஒருங்காது, அதாவது முன்னோக்கு முறையைவிடவும் மோசம். இங்கே சமன்பாடு நேரியல் என்பதால் ஒரு வகுத்தலே போதும்; நேரியல் அல்லாதவற்றுக்கு நியூட்டன் முறையும் வகைக்கெழு அணியும் தேவை. ஈரம் ஆவியாவதையும் சேர்த்து நான் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. அங்கே ஒரு படியின் செலவு எவ்வளவு கூடும் என்பதை அனுபவத்தில் சொல்ல இயலாது.

துல்லியத்தில் பின்னோக்கு ஆய்லர் முதல் வரிசை முறைதான், அதாவது படியைப் பாதியாக்கினால் பிழையும் ஏறத்தாழப் பாதியாக மட்டுமே குறையும். ஆனால் படுகைக்கு 60 விநாடிப் படி தாராளம்: 15 டிகிரி வித்தியாசம் இரண்டு மணி நேரத்தில் தணியும்போது, என் கணக்கு உண்மையான தீர்விலிருந்து 0.02 டிகிரி அளவே விலகியது. மாறாக, கம்பியைப் படுகையிலிருந்து உருவி மலைக்காற்றில் பிடிக்கும் அந்தச் சில விநாடிகளையே ஆராய வேண்டுமென்றால், எப்படியும் அரை விநாடிக்கும் குறைந்த படிதான் எடுக்க வேண்டும். அதற்கு நானும் முன்னோக்கு வரியைத்தான் எழுதுவேன்.